பல நகரங்களுக்கு மாறிவரத் தயார் என்பதை வேலை விண்ணப்பத்தில் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எந்த ஊரில் வேலை கொடுத்தாலும் வருவேன்" என்று எழுதினால் என்ன தவறு? நான் உண்மையிலேயே அப்படித்தான் இருக்கிறேன்.

வெளியூர் விண்ணப்பம் ஒன்றைக் கையில் எடுக்கும் தேர்வு அலுவலருக்கு இரண்டு சந்தேகங்கள் வரும். இவர் வருவாரா என்பது ஒன்று. வந்தால் இருப்பாரா என்பது மற்றொன்று. நியமனக் கடிதத்தை வாங்கிக்கொண்டு, வீடு பார்க்கும் கட்டத்தில் மனம் மாறிப் பின்வாங்கியவர்களை அவர் பார்த்திருப்பார். அப்படி ஒருவர் பின்வாங்கும்போது, அதற்குள் மற்ற விண்ணப்பதாரர்கள் வேறு இடங்களில் சேர்ந்திருப்பார்கள். தேர்வை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சேர்ந்த ஒரே ஆண்டில் சொந்த ஊருக்குத் திரும்பியவர்களையும் அவர் அறிவார்.

"எங்கும் வருவேன்" என்பது இந்த இரண்டு சந்தேகங்களில் எதையும் தீர்ப்பதில்லை. எழுதியவருக்கு வேலை தேவை என்பதை மட்டுமே அது சொல்கிறது. அது விண்ணப்பம் வந்ததிலிருந்தே தெரிந்த செய்தி. ஊர் மாறுவதைப் பற்றி உண்மையில் உட்கார்ந்து யோசித்தவருக்கு அந்த நகரத்தில் வீட்டு வாடகை எப்படி, தன் துறையின் நிறுவனங்கள் எந்தப் பக்கம் இருக்கின்றன, எத்தனை நாளில் குடிபெயர முடியும் என்பதெல்லாம் ஓரளவாவது தெரிந்திருக்கும். "எங்கும்" என்ற சொல் அப்படி எதையும் யோசிக்கவில்லை என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. உங்கள் விருப்பம் மெய்யானதாகவே இருந்தாலும், எந்த நகரம், ஏன், எப்போது என்ற மூன்றும் இல்லாமல் படிப்பவர் அதை நம்ப வழியில்லை.

அப்படியானால் எத்தனை நகரங்களைச் சொல்லலாம்?

இரண்டு அல்லது மூன்று. இது யாரும் வகுத்த விதி அல்ல. நான்காவது நகரத்துக்கு வரும்போது பெரும்பாலானோரிடம் சொல்வதற்குக் காரணம் தீர்ந்துபோகிறது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு நகரத்தின் பெயரையும் தனித்தனித் தாளில் எழுதி, அந்த நகரத்துக்கு மட்டுமே பொருந்தும் ஒரு வாக்கியத்தைக் கீழே எழுதிப் பாருங்கள். நகரத்தின் பெயரை மாற்றினாலும் வாக்கியம் அப்படியே பொருந்துகிறது என்றால், அந்த நகரம் உங்கள் பட்டியலில் இருக்க வேண்டியதில்லை. "வளர்ந்துவரும் நகரம், நல்ல வாய்ப்புகள்" என்பது இந்தச் சோதனையில் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

ஒன்றுக்கொன்று போய்வரும் தூரத்தில் உள்ள நகரங்களைத் தனித்தனியாக அடுக்காமல், ஒரே வட்டாரமாகச் சொல்லிவிடலாம். மூன்று பெயர்களை அடுக்கும்போது சிதறலாகத் தெரிவது, வட்டாரமாகச் சொல்லும்போது ஒரே முடிவாகத் தெரியும்.

காரணமாக எதை எழுதுவது? "அந்த ஊர் எனக்குப் பிடிக்கும்" என்பது போதாதா?

போதாது. பிடித்த ஊர் பிடிக்காமல் போவதற்கு ஒரு மழைக்காலம் போதும். வேலையிலிருந்து பிறக்கும் காரணத்தை முதலில் வைத்து, வாழ்க்கையைச் சார்ந்த காரணம் இருந்தால் அதை ஒரு சிறு துணையாகப் பின்னால் சேர்ப்பதே பொருத்தம். ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு பார்த்தால் இது தெளிவாகும்.

கிடங்கு இருப்புத் திட்டமிடலில் எட்டு ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனத்தில் மூன்று நகரங்கள் இருக்கின்றன. ஒன்று துறைமுக நகரம், ஒன்று தொழிற்சாலைகள் நிறைந்த நகரம், மூன்றாவது பெரிய நிறுவனங்களின் தலைமை அலுவலகங்கள் உள்ள நகரம். அவர் முதலில் எழுதியது இப்படி இருந்தது:

"தங்கள் நிறுவனத்தின் எந்தக் கிளையிலும், எந்த நகரத்திலும் உடனடியாகப் பணியில் சேரத் தயாராக இருக்கிறேன். இடம் எனக்கு ஒரு பொருட்டே அல்ல."

இதில் "உடனடியாக" என்ற சொல் "எங்கும்" என்பதைவிட அதிகமாகக் காட்டிக் கொடுக்கிறது. இப்போது வேலையில் இருப்பவர் நோட்டீஸ் காலம் முடியாமல் எப்படி உடனே சேர முடியும்? ஒன்று, அவர் வேலையில் இல்லை. அல்லது இப்போதைய நிறுவனத்திலிருந்து முன்னறிவிப்பு இல்லாமல் விலகிவிடுவார். படிப்பவர் இந்த இரண்டில் ஒன்றை ஊகித்துக்கொள்வார்.

தாள் சோதனையைச் செய்தபோது அவருக்குக் கிடைத்தவை இவை. துறைமுக நகரத்துக்கு அவரிடம் நல்ல காரணம் இருந்தது: இதுவரை உள்நாட்டுச் சரக்கை மட்டுமே திட்டமிட்டவர், சுங்க அனுமதியும் கப்பல் தாமதமும் சேர்ந்து வரும் இறக்குமதிச் சரக்கைக் கையாள விரும்புகிறார். தொழிற்சாலை நகரத்துக்கும் இருந்தது: உற்பத்தி அட்டவணையையும் மூலப்பொருள் இருப்பையும் இணைக்கும் வேலையை அவர் ஏற்கெனவே செய்திருக்கிறார். தலைமை அலுவலக நகரத்துக்கு அவர் எழுத முடிந்தது, அங்கே நண்பர்கள் இருக்கிறார்கள் என்பது மட்டுமே. எனவே அந்த நகரம் இந்தக் கடிதத்திலிருந்து விழுந்தது. திருத்திய பத்தி இது:

"எட்டு ஆண்டுகளாகக் கிடங்கு இருப்புத் திட்டமிடலில் பணியாற்றி வருகிறேன். இறக்குமதிச் சரக்கைத் திட்டமிடும் பணிக்கு மாற முடிவு செய்திருப்பதால், தங்கள் துறைமுக நகரக் கிளையில் உள்ள பதவிக்கு விண்ணப்பிக்கிறேன். நியமனக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து 6 வாரத்துக்குள் குடிபெயர்ந்து பணியில் சேர முடியும். தங்கள் தொழிற்சாலை நகரக் கிளையில் இதே நிலையில் பதவி இருந்தால் அதற்கும் என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். உற்பத்தி அட்டவணையோடு மூலப்பொருள் இருப்பை இணைக்கும் பணியை இப்போதைய நிறுவனத்தில் 3 ஆண்டுகள் பார்த்திருக்கிறேன்."

இரண்டாவது நகரமும் இருக்கிறது, ஆனால் அது முதல் நகரத்தின் மேல் உள்ள உறுதியைக் குறைக்கவில்லை. ஒரே தொழில் நோக்கத்தின் இரு கிளைகளாக அவை நிற்கின்றன. "பொருட்டே அல்ல" என்பது போன்ற மிகைச்சொல் எதுவும் இல்லை. இடமாற்றத்தைப் பற்றிய பேச்சு இந்த ஒரே பத்தியோடு முடிகிறது. கடிதத்தின் கடைசியில் "மீண்டும் சொல்கிறேன், வரத் தயார்" என்று வந்தால் முன்னே எழுதியதன் மதிப்பு பாதியாகிவிடும்.

ஒரே நிறுவனத்தில் அதே பதவி மூன்று நகரங்களில் காலியாக இருக்கிறது. மூன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாமா?

பொதுவாக வேண்டாம். பெரும்பாலான நிறுவனங்கள் விண்ணப்பங்களைக் கையாளும் மென்பொருளில், உங்கள் மின்னஞ்சல் முகவரியின் பெயரில் ஒரே பதிவுதான் இருக்கும். எத்தனை பணியிடங்களுக்கு விண்ணப்பித்தீர்கள், எந்தத் தேதியில் என்பதெல்லாம் அதில் வரிசையாகத் தெரியும். மூன்று கடிதங்களிலும் "இந்த நகரத்தில் பணியாற்றுவதே என் விருப்பம்" என்று எழுதியிருந்தால், மூன்றையும் ஒரே நபர் ஒரே திரையில் படிக்க வாய்ப்பு உண்டு. அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் எடுபடாது.

முதல் விருப்பமான நகரத்துக்கு விண்ணப்பித்து, மற்ற இரண்டின் பணியிட எண்களைக் கடிதத்தில் ஒரு வரியில் குறிப்பிடுவது போதும். விதிவிலக்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு கிளையும் தனித்தனியாக ஆள் எடுக்கிறது என்றும், ஒன்றுக்கு வந்த விண்ணப்பத்தை மற்றொன்று பார்க்காது என்றும் அறிவிப்பிலேயே எழுதியிருந்தால் தனித்தனியாக விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அப்போது ஒவ்வொரு கடிதத்திலும் மற்ற விண்ணப்பத்தை மறைக்காமல் ஒரு வரி சொல்லிவிடுங்கள். தாமே சொன்ன விவரம் நேர்மையாகப் படும். அவர்களாகக் கண்டுபிடித்தால் அதே விவரம் தந்திரமாகப் படும்.

நான் மூன்று வெவ்வேறு நிறுவனங்களுக்கு, மூன்று வெவ்வேறு நகரங்களில் விண்ணப்பிக்கிறேன். மற்ற நகரங்களைப் பற்றி ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரே நகரத்தில் மட்டும் இயங்கும் நிறுவனத்துக்கு எழுதும் கடிதத்தில் அந்த நகரம் மட்டுமே வர வேண்டும். நீங்கள் வேறு எங்கெல்லாம் தேடுகிறீர்கள் என்பது அவர்கள் கேட்காத கேள்வி. பல நகரங்களின் பெயரை ஒரே கடிதத்தில் எழுதுவதற்கு, அந்த நிறுவனத்துக்கே அந்த நகரங்களில் கிளைகள் இருக்க வேண்டும். கேட்டால் மறைக்க வேண்டாம். கேட்காதபோது எடுத்துப் போட வேண்டாம்.

சுயவிவரக் குறிப்பில் இதை எங்கே எழுதுவது? அந்த ஊரில் இருக்கும் உறவினர் வீட்டு முகவரியைப் போட்டுவிடலாமா?

பெயருக்குக் கீழே, தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் வரும் வரியில் எழுதுங்கள். முழு முகவரி தேவையில்லை. இப்போது இருக்கும் நகரமும், அதற்கு அடுத்து மாறவிருக்கும் நகரமும் மாதமும் போதும். அதாவது, "தற்போது: இன்ன நகரம். ஜூன் முதல் இன்ன நகரத்தில் பணியாற்ற முடியும்" என்ற அளவில். பலர் இதைக் குறிப்பின் கடைசிப் பக்கத்தில், மொழிகள், பொழுதுபோக்கு ஆகியவற்றுக்குக் கீழே எழுதுகிறார்கள். முதல் பக்கத்தின் மேல்பகுதியைப் பார்த்து "வெளியூர்" என்று ஒதுக்குபவர் கடைசிப் பக்கம் வரை வரமாட்டார்.

நகரத்தின் பெயர் மேலே இருப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. விண்ணப்பத் தொகுப்பில் ஊர்ப் பெயரைத் தட்டித் தேடும் அலுவலருக்கு, அந்தப் பெயரே இல்லாத குறிப்பு கண்ணில் படாது. ஆனால் ஆறேழு நகரங்களின் பெயர்களை வரிசையாக எழுதி எல்லாத் தேடலிலும் அகப்பட முயல்வது, கடைசியில் மனிதர் படிக்கும்போது நீங்கள் தவிர்க்க நினைத்த தோற்றத்தையே தரும். நிறுவனத்துக்கு ஏற்ப இந்த ஒரு வரியை மாற்றிய குறிப்புகளைத் தனித்தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் பெயரில் நகரத்தின் பெயர் மட்டும் வேண்டாம், மாறி அனுப்பினால் காட்டிக் கொடுத்துவிடும்.

உறவினர் முகவரியை உங்கள் முகவரியாகப் போடுவது சரியல்ல. "நாளை காலை நேரில் வர முடியுமா?" என்ற ஒரு தொலைபேசி அழைப்பில் அது வெளிப்பட்டுவிடும். அங்கே தங்க இடம் உண்டு என்பது நல்ல செய்திதான். அதை உண்மையாகவே, "வீடு அமையும் வரை அந்த நகரத்தில் தங்குவதற்கு இடம் இருக்கிறது" என்று சொன்னால் முதல் சந்தேகம் பெருமளவு தீர்ந்துவிடும்.

இணைய விண்ணப்பப் படிவத்தில் "இடம் மாறத் தயாரா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று மட்டுமே இருக்கிறது. என் பதில் நிபந்தனையோடு கூடியது.

அந்தப் பணியிடம் உள்ள நகரத்துக்கு நீங்கள் வருவீர்கள் என்றால் "ஆம்" என்றே குறியுங்கள். இந்தக் கேள்வி பல இடங்களில் வடிகட்டியாக வைக்கப்படுகிறது. "இல்லை" என்று குறித்த விண்ணப்பம் யார் பார்வைக்கும் போகாமலே நிற்கக்கூடும். நிபந்தனையை எழுதக் கடிதம் இருக்கிறது. விருப்பமான இடம் என்று ஒரே ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், அறிவிப்பில் உள்ள நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். பலவற்றைத் தேர்ந்தெடுக்க விட்டால், எல்லாப் பெட்டிகளிலும் டிக் போடாமல் உங்கள் பட்டியலில் உள்ளவற்றை மட்டும் குறியுங்கள்.

லிங்க்ட்இன் கணக்கில் என்ன செய்வது?

அங்குள்ள Open to work அமைப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைச் சேர்க்கலாம். அதைத் தேர்வு அலுவலர்கள் மட்டும் பார்க்கும்படியும் வைக்கலாம், எல்லோரும் பார்க்கும்படியும் வைக்கலாம். இப்போது வேலையில் இருப்பவர்கள் முதலாவதைத் தேர்ந்தெடுப்பதே வழக்கம். உங்கள் சொந்த நிறுவனத்தின் அலுவலர்களுக்கு அது தெரியாமல் இருக்க முயல்வதாகவும், முழு உறுதி தர இயலாது என்றும் அந்தத் தளமே சொல்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் சேர்க்கும் நகரங்களும் உங்கள் கடிதத்தில் உள்ள நகரங்களும் ஒன்றாக இருக்க வேண்டும். கடிதத்தில் இரண்டு, கணக்கில் ஐந்து என்று இருந்தால் எதை நம்புவது?

தொலைபேசியில் பேசும்போது, "இந்த இரண்டில் எது உங்கள் முதல் விருப்பம்?" என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் பாதுகாப்பானதில்லையா?

பாதுகாப்பாகத் தோன்றும், ஆனால் பலன் தராத பதில் அது. இந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு நடைமுறைத் தேவை ஒன்று இருக்கிறது: உங்கள் பெயரை எந்தக் கிளை மேலாளரிடம் கொண்டுபோவது என்று அவர் தீர்மானிக்க வேண்டும். "இரண்டும் ஒன்றுதான்" என்றால் அந்தத் தீர்மானத்தை அவர் தலையில் கட்டிவிடுகிறீர்கள். பல நேரங்களில் இதன் விளைவு, யாரும் போக விரும்பாததால் நீண்ட நாளாக நிரம்பாமல் கிடக்கும் இடத்துக்கு உங்கள் பெயர் போவதுதான்.

வரிசைப்படுத்திச் சொல்லுங்கள், ஆனால் இரண்டாவது இடத்தைத் தாழ்த்தாமல் சொல்லுங்கள். "துறைமுக நகரம்தான் என் முதல் விருப்பம், காரணம் இறக்குமதிப் பிரிவு அங்கே இருக்கிறது. தொழிற்சாலை நகரத்தில் பதவி இருந்தால் அதையும் ஏற்பேன். அங்கே உற்பத்திப் பிரிவோடு நேரடியாக வேலை செய்ய முடியும் என்றால் எனக்கு அதில் தயக்கம் இல்லை." முதல் வாக்கியத்தில் முடிவு இருக்கிறது, கடைசி வாக்கியத்தில் இரண்டாவது நகரத்தை ஏற்பதற்கான அடிப்படை இருக்கிறது. "வேறு வழியில்லை என்றால்", "அதுவாவது கிடைத்தால்" போன்ற தொடர்கள் வாய் தவறியும் வரக் கூடாது. இரண்டாவது நகரத்தின் மேலாளருக்கு இந்தப் பேச்சு குறிப்பாகப் போகும். அவருடைய ஊரை நீங்கள் ஆறுதல் பரிசாகக் கருதுவதை அவர் விரும்பமாட்டார்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டாவது நகரத்தை மனதார ஏற்கும் எண்ணம் இல்லை என்றால், இந்த இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. நேர்காணல்கள் முடிந்து, நியமனக் கடிதம் வந்த பிறகு மறுத்தால், அதே நிறுவனத்தின் முதல் நகரத்திலும் உங்கள் பெயருக்கு எதிரே ஒரு குறிப்பு ஏறியிருக்கும்.

"அடுத்த ஆண்டு உங்கள் ஊரில் வேலை கிடைத்தால் திரும்பிப் போய்விடுவீர்களா?" என்று நேரடியாகவே கேட்கிறார்கள்.

வாழ்நாள் முழுவதும் இருப்பேன் என்று உறுதி கூற வேண்டாம்; கேட்பவரும் நம்பமாட்டார், அவரே அப்படி இருக்கப்போவதில்லை. நீங்கள் இருப்பதற்குக் காரணமாக அமையும் உறுதியான விவரங்களைச் சொல்லுங்கள். இதுவரை ஒவ்வொரு வேலையிலும் எத்தனை ஆண்டு இருந்தீர்கள் என்பது முதல் சான்று. முன்பு ஒருமுறை ஊர் மாறி அங்கே சில ஆண்டுகள் நிலைத்திருந்தால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. அதைக் கட்டாயம் சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தை எத்தனை மாதத்துக்குப் போட எண்ணியிருக்கிறீர்கள் என்பதும், இந்தப் பதவியில் எதைக் கற்று முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறீர்கள் என்பதும் அடுத்து வரலாம். முன் வேலைகள் குறுகிய காலத்தவையாக இருந்தால், அதை மறைக்கும் நீண்ட விளக்கத்தைவிட, ஒப்பந்தப் பணி முடிந்தது, பிரிவு மூடப்பட்டது என்று உள்ளபடியே ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போவது நன்று.

குடும்பத்தைப் பற்றி எவ்வளவு சொல்ல வேண்டும்?

இடமாற்றத்துக்குத் தேவையான அளவு மட்டும். "வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம், மாறுவதில் தடை எதுவும் இல்லை" என்ற ஒரு வாக்கியமே பெரும்பாலும் போதுமானது. இதைச் சொல்வதற்கு முன் உண்மையிலேயே வீட்டில் பேசியிருக்க வேண்டும் என்பதைத் தனியாக எழுத வேண்டியிருப்பது வேடிக்கைதான், ஆனால் நியமனக் கடிதம் வந்த பிறகு நடக்கும் பின்வாங்கல்களில் பல இந்தப் பேச்சு நடக்காததால் வருபவை. திருமணம், குழந்தை பெறும் எண்ணம் போன்றவற்றைக் கேட்பதைப் பல நாடுகளின் சட்டம் கட்டுப்படுத்துகிறது. கேட்டால், சேரும் தேதியை மட்டும் பதிலாகச் சொல்லி அங்கேயே நிறுத்தலாம்.

சேரும் தேதியை எப்படிக் கணக்கிட்டுச் சொல்வது?

மேலே உள்ள மாதிரியில் 6 வாரம் என்பது இப்படி வந்தது: நோட்டீஸ் காலம் 30 நாள், வீடு பார்த்துக் குடிபெயர 10 நாள், ஆக 40 நாள். கணக்கு நியமனக் கடிதம் கையில் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது, வாய்மொழியாகத் தேர்வானதாகச் சொன்ன நாளிலிருந்து அல்ல. கடிதம் வராமல் ராஜினாமா செய்யக் கூடாது. இரு நகரங்களுக்கும் ஒரே கால அளவைச் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஒன்றில் தங்க இடம் இருந்து மற்றொன்றில் இல்லையென்றால், நாள்களில் வேறுபாடு இருப்பதே நீங்கள் யோசித்திருப்பதைக் காட்டும்.

குடிபெயரும் செலவை நிறுவனம் ஏற்குமா என்று கேட்டால் தயங்குவதாக எடுத்துக்கொள்வார்களா? "என் செலவிலேயே வருகிறேன்" என்று முதலிலேயே சொல்லிவிடலாமா?

முதல் கடிதத்தில் இரண்டுமே வேண்டாம். யாரும் கேட்பதற்கு முன் "என் செலவிலேயே வருகிறேன்" என்பது, விலை பேசுவதற்கு முன்பே தள்ளுபடி கொடுப்பது போன்றது; ஆர்வத்தைவிட அவசரமே அதில் தெரியும். செலவைப் பற்றிக் கேட்க உரிய நேரம், உங்களைத் தேர்வு செய்வதாக அவர்கள் தெரிவித்து, சம்பளத்தைப் பேசும் கட்டம். விதிவிலக்காக, இடமாற்ற உதவி இல்லை என்று அறிவிப்பிலேயே எழுதியிருந்தால், அதைப் படித்தேன், அதன்படியே வரத் தயார் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதுவது பயனுள்ளது.

பேசும்போது உதவி எந்த வடிவில் வருகிறது என்று கேளுங்கள். ரசீது காட்டிப் பின்னர் பெறும் முறை என்றால் முதலில் உங்கள் கையிலிருந்து பணம் போக வேண்டும். மொத்தத் தொகையாகத் தருவதற்குப் பல நாடுகளில் வரி பிடிப்பார்கள். குறிப்பிட்ட காலத்துக்குள், பெரும்பாலும் ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்குள் வேலையை விட்டால் தொகையைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் கடிதத்தில் இருக்கலாம். அந்த நிபந்தனையைப் படித்து, திருப்பித் தர வேண்டிய தொகையை எப்படிக் கணக்கிடுவார்கள், நிறுவனமே வேலையிலிருந்து நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்பவரை யாரும் தயங்குபவராக எண்ணமாட்டார்கள். மாறாக, தங்கும் எண்ணம் உள்ளவர் கேட்கும் கேள்விகள் அவை.

சம்பள எதிர்பார்ப்பையும் நகரத்துக்கு ஏற்பச் சொல்லுங்கள். வாடகை இருமடங்கு வேறுபடும் இரண்டு நகரங்களுக்கு ஒரே தொகையைச் சொல்பவர், இரண்டு இடத்திலும் வாழ்வது எப்படி என்று கணக்குப் போட்டதில்லை என்று ஆகிவிடும்.

விண்ணப்பங்கள் போகின்றன, ஆனால் ஒன்றும் நகரவில்லை. இடமாற்றம்தான் காரணமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். அனுப்பிய சில நிமிடங்களில் மறுப்பு வந்தால் மனிதர் யாரும் படித்திருக்க வாய்ப்பில்லை. படிவத்தில் உள்ள ஊர், தகுதி போன்ற கேள்வி ஒன்று வடிகட்டியிருக்கலாம், உங்கள் பதில்களைச் சரிபாருங்கள். அழைப்பு வந்து, "நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்குப் பிறகு பேச்சு சுருங்கிவிடுகிறது என்றால், மாறவிருக்கும் செய்தி சுயவிவரத்தின் மேல்பகுதியில் இல்லை என்று பொருள், அவர்கள் உங்களை உள்ளூர்க்காரர் என்று நினைத்தே அழைத்திருக்கிறார்கள். நேர்காணல்வரை போய், ஒவ்வொரு முறையும் உள்ளூரில் இருப்பவர் தேர்வாகிறார் என்றால், காரணமும் தேதியும் போதிய உறுதியாக ஒலிக்கவில்லை. அந்தக் கட்டத்தில், அந்த நகரத்துக்கு ஒருமுறை நேரில் போய், அதே வாரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு, "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை அங்கே இருப்பேன், சந்திக்க இயலுமா?" என்று எழுதுவது கடிதத்தை மேலும் மெருகேற்றுவதைவிடப் பலன் தரும்.

ஊரைப் பற்றி எதையும் கேட்காமலே மறுப்பு வருகிறது என்றால், இடமாற்றத்தைக் குறை சொல்ல வேண்டாம். சுயவிவரத்தின் மற்ற பகுதிகளைப் பாருங்கள்.

எனக்கு வேலை உண்மையிலேயே அவசரமாகத் தேவை. அதை எப்படி மறைப்பது?

அவசரத்தை மறைக்க வேண்டியதில்லை. அது வாக்கியங்களை ஆளவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேலை இல்லாதவர் "நோட்டீஸ் காலம் இல்லை, 10 நாளில் சேர முடியும்" என்று எழுதினால் அது ஒரு வசதியாகவே படிக்கப்படும். அதே செய்தியை "தயவுகூர்ந்து ஒரு வாய்ப்பு", "எந்தச் சம்பளமானாலும்" ஆகியவற்றோடு சேர்த்து எழுதும்போதுதான் அது வேறாகிறது. நிலைமை காரணமாகப் பட்டியலை விரிக்க வேண்டியிருந்தால் விரியுங்கள், ஆனால் ஒரே கடிதத்துக்குள் அல்ல. ஆறு நகரங்களில் உள்ள வெவ்வேறு நிறுவனங்களுக்கு ஆறு கடிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நகரம், ஒரு காரணம், ஒரு தேதி. வேலை கூடும், ஆனால் ஒவ்வொரு கடிதத்தையும் படிப்பவருக்கு உங்கள் கவனம் அவருடைய நகரத்தின் மேல் மட்டுமே தெரியும்.

விண்ணப்பித்த பிறகு ஒரு நகரத்தின் மேல் மனம் மாறிவிட்டது. இப்போது என்ன செய்வது?

நேர்காணல் தேதி குறிக்கப்படுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள். "தொழிற்சாலை நகரக் கிளைக்கான விருப்பத்தை விலக்கிக்கொள்கிறேன், துறைமுக நகரப் பதவிக்கான விண்ணப்பம் தொடர்கிறது" என்ற இரண்டு வரி மின்னஞ்சல் போதும். காரணம் கேட்டால் சுருக்கமாகச் சொல்லலாம், கேட்காவிட்டால் சொல்ல வேண்டியதில்லை. சுயவிவரக் குறிப்பிலும் லிங்க்ட்இன் அமைப்பிலும் அந்த நகரத்தை அன்றே நீக்கிவிடுங்கள். பட்டியலில் ஒரு நகரம் குறைந்ததால் விண்ணப்பம் பலவீனமாகிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். மீதமுள்ள நகரத்தின் மேலாளர் அந்த மின்னஞ்சலை அப்படிப் படிக்கமாட்டார்.